சொரிமுத்து ஐயனார் ஆய்வேடு: எந்த இயலுக்கு எத்தனை சொல், எந்த மாதத்தில் எதை எழுதுவது?

கலா_அம்பை

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்த்துறையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு "சொரிமுத்து ஐயனார் கோயில் வழிபாட்டு மரபுகள்". போன ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் தங்கிப் பதிவு செய்தவை, பட்டவராயர் கதை வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட ஒலிப்பதிவு, குடில் போட்ட சில குடும்பங்களின் பேட்டிகள் எல்லாம் கையில் இருக்கின்றன. இந்த ஆடிக்கும் ஒருமுறை போக வேண்டும்.

நெறியாளர் இயல் பகுப்பும் கால அட்டவணையும் எழுதிக் கொண்டு வரச் சொன்னார். நான் போட்டிருப்பது இது:

இயல் 1: சமயம், ஓர் அறிமுகம்
இயல் 2: திருநெல்வேலி மாவட்ட வரலாறு
இயல் 3: சாஸ்தா வழிபாட்டின் தோற்றமும் வளர்ச்சியும்
இயல் 4: சொரிமுத்து ஐயனார் கோயில் அமைப்பு
இயல் 5: விழாக்கள்
இயல் 6: பரிவார தெய்வங்களும் கதைகளும்
இயல் 7: சமுதாயப் பயன்கள்

ஒவ்வொன்றும் 10,000 சொல், மொத்தம் 70,000. மாதம் ஒரு இயல் வீதம் ஏழு மாதத்தில் முதல் படி முடிந்துவிடும் என்று கணக்கு. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பு. வீட்டில் பையன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். இது நடக்குமா? அடுத்த வருடம் ஏப்ரலுக்குள் ஆய்வுச் சுருக்கம் கொடுத்தாக வேண்டும்.

நெல்லைச்சீமை

நல்ல பகுப்பு. எனக்குத் தெரிந்த நாலைந்து ஆய்வேடுகள் இப்படித்தான் இருக்கின்றன. பொதுவிலிருந்து சிறப்புக்கு வர வேண்டும். சமயம் என்றால் என்ன என்று சொல்லாமல் நேரே கோயிலுக்குள் போனால் புறத்தேர்வாளர் கேள்வி கேட்பார். இன்னும் ஒன்று, பக்கம் முந்நூறைத் தாண்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் மதிப்பில்லை. முதல் இயலை முதலில் எழுதி நெறியாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். அதுதான் ஒழுங்கு.

பழையபேட்டை வாத்தியார்

கலா அம்மா, உங்கள் ஏழு தலைப்புகளில் முதல் மூன்றைக் கையால் மூடிவிட்டுப் பாருங்கள். அந்த மூன்றும் திருச்செந்தூர் பற்றிய ஆய்வேட்டிலும் இருக்கலாம், குலசேகரப்பட்டினம் தசரா பற்றிய ஆய்வேட்டிலும் இருக்கலாம். அதாவது 30,000 சொல் போன பிறகுதான் படிக்கிறவர் காரையாறு செக்போஸ்டைத் தாண்டுகிறார். நீங்கள் காட்டில் தங்கி, சாமியாடிகளிடம் உட்கார்ந்து பேசிச் சேர்த்தது முழுக்க இயல் 5, 6 என்ற இரண்டு அறைக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற இயல்கள் தாராளமாக இருக்க, களத்தில் சேர்த்தது மூச்சு முட்டுகிறது. தேர்வாளராக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் முதலில் பொருளடக்கத்தைத்தான் பார்ப்போம், அப்புறம் நேராகக் கள ஆய்வு இயலுக்குப் போவோம்.

சொல் எண்ணிக்கையை இயலுக்கு இயல் சமமாகப் பிரிப்பதில் நியாயமே இல்லை. எங்கே சரக்கு இருக்கிறதோ அங்கே சொல் இருக்க வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இத்தனை மணி நேர ஒலிப்பதிவு, இத்தனை பேட்டி, இத்தனை பக்கக் களக்குறிப்பு என்று. பட்டவராயருக்குக் கீழே தாள் நிரம்பும். "சமுதாயப் பயன்கள்" என்பதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதை எழுதிவிட்டு வாருங்கள், பிறகு எண்களைப் பேசலாம்.

டேவிட்_பாளை

நானும் இதே சிக்கலில் இருக்கிறேன். இறையியல் கல்லூரியில் எம்.டி.எச். ஆய்வேடு. பாளையங்கோட்டையில் இருந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பற்றி. என் இயல்கள் இப்படி: ஜெர்மனியில் இளமை, 1820இல் பாளையங்கோட்டை வருகை, சபைகளின் வளர்ச்சி, 1835இல் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தோடு பிரிவு, 1838இல் மரணம். முதல் மூன்று இயலுக்கே சொல் வரம்பு தீர்ந்துவிடும் போலிருக்கிறது. கலா அக்காவும் வரலாற்று வரிசையில் போவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாமே?

பழையபேட்டை வாத்தியார்

தம்பி டேவிட், அவர்கள் எழுதுவது கோயில் வரலாறு இல்லை, இன்றைக்கு நடக்கிற வழிபாடு. உங்கள் கதை வேறு. ஆனால் உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆண்டு வரிசையில் தலைப்பு வைத்தால் ஆய்வேடு வாழ்க்கை வரலாறாகிவிடும். 1835 பிரிவுதான் உங்கள் கேள்வி என்றால் அதை முதல் இயலிலேயே வையுங்கள். பிரிவு ஏன் வந்தது என்பதற்கு 1820 முதலான விஷயங்களில் எது தேவையோ அதை மட்டும் பின்னால் இழுத்து வாருங்கள். இளமைப் பருவம் முன்னுரையில் ஒரு பத்தி போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இழை போடுங்கள், இங்கே கலா அம்மாவின் விஷயம் ஓடட்டும்.

டேவிட்_பாளை

சரி ஐயா. ஆனால் இளமையில் பெற்ற பயிற்சிக்கும் பிரிவுக்கும் தொடர்பு இருக்கிறதே. தனி இழை போடுகிறேன்.

கலா_அம்பை

ஐயா, நீங்கள் சொன்னபடி எழுதிப் பார்த்தேன்.

பட்டவராயர்: வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு, அச்சில் வந்த கதைப்பாடல், செருப்புக் காணிக்கை கொண்டுவந்தவர்களிடம் எடுத்த பேட்டிகள், படங்கள். ஆடி அமாவாசை: குடில் போடுவது, சமையல், நேர்ச்சை, சாமியாட்டம், களக்குறிப்பே ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. ஐயனார் சன்னதி: பூசை முறை பார்த்தது கொஞ்சம், சாஸ்தா பற்றிப் படித்தது நிறைய. கோயிலும் காடும்: வனத்துறை கட்டுப்பாடுகள், சிங்கம்பட்டி ஜமீன் உரிமை பற்றிச் சில பேட்டிகள். மற்ற தெய்வங்கள்: சங்கிலி பூதத்தார், தூசி மாடன், கரையடி மாடன் பற்றிக் கொஞ்சம்.

சமுதாயப் பயன்கள்: ஒன்றும் இல்லை ஐயா. எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறதே என்று போட்டேன்.

ஒரு சந்தேகம். சாஸ்தா வழிபாட்டின் வரலாறு இல்லாமல் எப்படி? பங்குனி உத்திரத்துக்கு நெல்லைச் சீமையில் எல்லோரும் தங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகிறார்கள். சொரிமுத்தையனைத்தானே எல்லாச் சாஸ்தாவுக்கும் மூலம் என்கிறார்கள்.

பழையபேட்டை வாத்தியார்

அந்த நம்பிக்கையை யார் சொன்னார்கள், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதுதான் உங்கள் சரக்கு. அதை விட்டுவிட்டுச் சாஸ்தாவின் தோற்றம் என்று புராணத்திலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே பலர் எழுதியதைத் திரும்ப எழுதுவீர்கள். வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐயனார் சன்னதி பற்றிய இயலுக்குள்ளே தேவையான இடத்தில் இரண்டாயிரம் சொல்லில் வரட்டும்.

இனி எண்கள். உங்கள் தாளை வைத்து நான் போடுவது:

முன்னுரை 4,000
இயல் 1, கோயிலும் காடும் 8,000
இயல் 2, ஐயனார் சன்னதி 9,000
இயல் 3, பட்டவராயர்: கதையும் காணிக்கையும் 13,000
இயல் 4, ஆடி அமாவாசை: குடில் வாழ்க்கையும் நேர்ச்சையும் 14,000
இயல் 5, மற்ற தெய்வங்கள் 7,000
முடிவுரை 3,000

மொத்தம் 58,000. முந்நூறு பக்கம் என்று பயமுறுத்துகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள், காற்றில் வருவதைக் கேட்காதீர்கள்.

எல்லா இயலையும் இப்போதே உள்தலைப்பு வரை பிரிக்க வேண்டியதில்லை. முதலில் எழுதப்போகும் இயலை மட்டும் பிரியுங்கள். மூன்றாம் இயலை எடுத்துக்கொள்வோம். பட்டவராயராக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று ஒரு வரியில் தாண்டவும் கூடாது, முழுக்கதையையும் பத்துப் பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டு போகவும் கூடாது. கதைச் சுருக்கத்துக்கு 1,500. அடுத்தது வடிவ வேறுபாடு. அருந்ததியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பிராமணன் பூணூலை விட்டு, செருப்புத் தைத்துக் காட்டுகிறான் என்பது ஒரு வடிவம். அந்தப் பெண்களே பிறப்பால் பிராமணப் பெண்கள், அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று மாற்றிச் சொல்வது இன்னொன்று. உங்கள் ஒலிப்பதிவில் எது வருகிறது, பாட்டுக்காரர் அந்த இடத்தை எப்படிக் கடந்து போகிறார், கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று 4,000 சொல்லுக்கு இடம் உண்டு. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். மூன்றாவது, பட்டவராயர் சன்னதியில் நீங்கள் கண்ணால் பார்த்த பூசை, 2,500. நாலாவது செருப்புக் காணிக்கை, 3,500. யார் கொண்டுவருகிறார்கள், எங்கே தைக்கக் கொடுக்கிறார்கள், எந்த வேண்டுதலுக்கு, போன வருடம் கட்டிய செருப்பு தேய்ந்திருக்கிறது, சாமி போட்டு நடந்திருக்கிறார் என்று யார் காட்டினார்கள். கடைசியில் இயல் தொகுப்பு 1,500. கூட்டினால் 13,000 வரும்.

உள்தலைப்பு சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அந்தத் தலைப்பின் கீழ் வரப்போகும் முதல் சான்றை உடனே சொல்ல முடிய வேண்டும். "செருப்புக் காணிக்கை" என்றதும் ஒரு பேட்டி நினைவுக்கு வருகிறது. "பட்டவராயர் வழிபாட்டின் சிறப்புகள்" என்றால் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட தலைப்பை எடுத்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை

வாத்தியார் ஐயாவுக்கு மறுப்பாகச் சொல்லவில்லை, ஆனால் பாட்டு வரிகளை இயலுக்குள் போட்டால் எழுத்துத் திருட்டுச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் ஆய்வேடு திரும்பி வரும். கதைப்பாடல் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அதனால் பாட்டே போடாமல் உரைநடையில் எழுதிவிடுவது பாதுகாப்பு.

பழையபேட்டை வாத்தியார்

பத்து சதவீதம் என்பது சரி. ஆனால் அதே விதிமுறை, மூலம் காட்டி மேற்கோளாகக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை இவையும் அப்படித்தான். ஆகவே பாட்டைப் போடலாம், மூலம் சொல்ல வேண்டும். உரைநடையாக மாற்றி மூலம் சொல்லாமல் விடுவதுதான் உண்மையில் திருட்டு.

பாட்டு விஷயத்தில் எனக்கு வேறு கவலை. வரிகளை அள்ளிப் போட்டு இயலை நிரப்புகிற பழக்கம் நம் துறைகளில் உண்டு. வாதத்துக்குத் தேவையான நாலு வரி, எட்டு வரி இயலில் இருக்கட்டும். முழுப் பனுவலும் பின்னிணைப்புக்குப் போகட்டும். பின்னிணைப்பை 58,000இல் சேர்க்காதீர்கள். தகவலாளர் பட்டியல், படங்கள், வினாநிரல் எல்லாம் அங்கேதான்.

குறிச்சி டி.டி.பி.

இருபது வருசமா ஆய்வேடு அடிக்கிற ஆள் என்ற முறையில் ரெண்டு வார்த்தை.

அக்கா, 58,000 சொல் என்றால் எத்தனை பக்கம் என்று எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். இங்கிலீஷ் ஆய்வேட்டுக் கணக்கு தமிழுக்கு ஆகாது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது நமக்கு ஒரு சொல், அங்கே நாலைந்து. ஏ4 தாளில், நான் அடிக்கிற எழுத்து அளவில், ஒன்றரை வரி இடைவெளியில் பக்கத்துக்கு ஏறக்குறைய 220 சொல்தான் நிற்கும். 58,000க்கு 264 பக்கம். பின்னிணைப்பும் படமும் சேர்ந்தால் முந்நூறைத் தானே தாண்டிவிடும், நெல்லைச்சீமை அண்ணாச்சி கவலைப்பட வேண்டாம். ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். நீங்கள் எழுதுகிற ஒரு பக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அதை வைத்துப் போடுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லி இப்போதும் வருகிறார்கள். திருட்டுச் சோதனைக்கு அது தமிழாகவே தெரியாது. வேர்டில் பாமினி அடித்தால் வரியின் முதல் எழுத்தை அதுவாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், எழுத்தே மாறிப்போகும். மாற்றிய பிறகு அதை எல்லாம் தேடித் திருத்த வேண்டும்.

தலைப்பை ரெண்டு வரிக்கு இழுக்காதீர்கள். பக்கத்தின் மேலே இயல் பெயர் வர வேண்டும் என்று துறையில் கேட்டால் அது நிற்காது. கடைசியா, "நாளைக்குக் கொடுக்கணும், இன்னைக்கு முடிச்சுக் கொடுங்க" என்று வராதீர்கள். பொருளடக்கம், பக்க எண், படத் தலைப்பு, பிழை திருத்தம், பைண்டிங் எல்லாம் சேர்த்துக் குறைந்தது மூன்று வாரம் விடுங்கள்.

கலா_அம்பை

அண்ணாச்சி, நான் பாதி பாமினியில்தான் அடித்திருக்கிறேன். ஒலிப்பதிவை எழுத்தாக்கியதும் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. அதனால் மாதம் ஒரு இயல் என்பது நடக்காதோ?

பழையபேட்டை வாத்தியார்

நடக்காது அம்மா. கணக்கைப் பார்ப்போம். வகுப்பு எடுத்துவிட்டு வந்து ஒரு நாளைக்கு 500 சொல் புதிதாக எழுதினால் அது நல்ல நாள். வாரத்தில் மூன்று நாள் அப்படிக் கிடைத்தால் 1,500. சனி, ஞாயிறு இரண்டும், வாரநாளில் ஒன்றும் என்று வையுங்கள். 58,000ஐ 1,500ஆல் வகுத்தால் 39 வாரம். இது எழுத்து மட்டும். இதற்கு நடுவில் நவம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் விடைத்தாள் திருத்தம், தீபாவளி, பொங்கல், பையனுடைய பரீட்சை எல்லாம் வரும். இன்றைக்குத் தொடங்கினாலும் ஏப்ரலுக்கு ஏறக்குறைய 60 வாரம் இருக்கிறது. மிச்சம் 21 வாரம். அதை மிச்சம் என்று நினைக்கக் கூடாது, அதில்தான் களமும் திருத்தமும் நடக்க வேண்டும்.

எழுதும் வரிசை பொருளடக்க வரிசையாக இருக்க வேண்டியதில்லை. இங்கேதான் நெல்லைச்சீமை தம்பி சொன்னதோடு ஒத்துப்போக முடியவில்லை. உங்கள் அட்டவணையின் நடுத்தூண் ஆடி அமாவாசை. அது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வரும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். மற்ற நாளில் பகலில் போய்த் திரும்ப வேண்டும், குடில் போட்டுத் தங்குவது ஆடியில் அனுமதிக்கிற நாட்களில் மட்டும். இந்த ஆடியை விட்டால் அடுத்த ஆடி உங்கள் கெடுவுக்குப் பிறகு. ஆகவே அதற்கு முன்னே எதை எழுதுவது, பின்னே எதை எழுதுவது என்பதே அட்டவணை.

மார்ச் முதல் மே வரை மூன்றாம் இயல். சரக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எழுத்து ஒன்பது வாரம், மிச்சம் திருத்தும் பணிக்கும் எழுத்தாக்கத்துக்கும். ஒரு மணி நேரப் பாட்டை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது உட்கார வேண்டும், அதை எழுதும் நாளில் சேர்க்காதீர்கள், மற்ற இரவுகளில் போடுங்கள். ஜூன், ஜூலை பாதி வரை இரண்டாம் இயல். பிறகு களம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் முடிய நாலாம் இயல். காட்டிலிருந்து வந்ததும் எழுதினால்தான் புகையும் சத்தமும் எழுத்தில் வரும், ஆறு மாதம் கழித்து எழுதினால் "பக்தர்கள் பக்திப் பரவசத்துடன்" என்று எழுதுவீர்கள். நவம்பர், டிசம்பர் முதல் இயல். மழைக்காலம், களத்துக்குப் போகவும் முடியாது, ஜமீன், வனத்துறை ஆவணங்களைப் படித்து எழுதலாம். ஜனவரி முதல் பிப்ரவரி நடு வரை ஐந்தாம் இயல். முன்னுரையும் முடிவுரையும் அதற்குப் பிறகு மார்ச் முடிய. ஏப்ரலில் முழுதும் ஒருமுறை படித்துச் சரிசெய்தல், நம் குறிச்சி டி.டி.பி. கேட்ட மூன்று வாரமும் அதற்குள்ளேதான்.

நெறியாளர் ஒரு இயலைப் படித்துத் தர ஒரு மாதம் ஆகலாம். காத்திருக்காதீர்கள். மூன்றாவதைக் கொடுத்த அன்றே இரண்டாவதைத் தொடங்குங்கள். அவர் திருத்தம் வந்ததும் உடனே உட்கார்ந்து சரிசெய்யவும் வேண்டாம், அந்தந்த மாதக் கடைசி வாரத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

அட்டவணை தப்புகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், இரண்டாம் இயல் 9,000ஐத் தாண்டியும் முடியவில்லை, ஆனால் மூன்றாம் இயல் 7,000இலேயே நின்றுவிட்டது என்றால், படித்ததை எழுதிக்கொண்டு பார்த்ததைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அர்த்தம். ஜூலைக்குள் மூன்றாம் இயல் நெறியாளர் கைக்குப் போகவில்லை என்றால் ஐந்தாம் இயலைத் தனி இயலாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாலுக்குள் ஒரு பகுதியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஏரல்காரன்

மன்னிக்கணும், நான் ஆய்வு படிச்சவன் இல்ல. ஆனா அந்த ஐந்தாம் இயல் தலைப்பைப் பார்த்து மனசு கேட்கல. "மற்ற தெய்வங்கள்"னு போட்டிருக்கீங்க. எங்க குடும்பம் தாத்தா காலத்திலிருந்து ஆடிக்கு அங்க குடில் போடுது. எங்களுக்குச் சங்கிலி பூதத்தார்தான் சாமி. ஐயனைக் கும்பிடுவோம், ஆனா நேர்ச்சை முழுக்க பூதத்தாருக்கு. எங்க சித்தப்பா சங்கிலியால மார்பில அடிச்சு ஆடுவாரு, அவருக்குப் பெறகு இப்ப எங்க அண்ணன். அந்தச் சங்கிலியை வீட்டுல எங்க வைப்போம், யார் தொடலாம், யார் தொடக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் முறை இருக்கு. நீங்க கொஞ்சம்தான் எடுத்திருக்கேன்னு சொல்றீங்க, எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கேட்கலைன்னுதான் அர்த்தம்.

முன்னெல்லாம் வாரக்கணக்கா தங்குவோம். இப்ப காட்டிலாகா விடுற நாள் மட்டும். பொட்டலம், பிளாஸ்டிக் எல்லாம் செக்போஸ்ட்டுல பிடுங்கிருவாங்க. இதையும் எழுதுங்க. குடில் போடுற இடம் குடும்பத்துக்குக் குடும்பம் பழக்கமான இடம், அதைச் சொல்லி வருசா வருசம் சண்டை நடக்கும்.

கலா_அம்பை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. கோயில் ஐயனார் பெயரில் இருப்பதால் மற்றவர்களைப் பரிவாரம் என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன். இந்த ஆடிக்கு உங்கள் குடும்பத்தைப் பார்க்கலாமா?

வாத்தியார் ஐயா, அப்படியானால் ஐந்தாவதற்கு 7,000 போதாதே?

பழையபேட்டை வாத்தியார்

போதாது. ஏரல் தம்பி ஒரு பதிவில் உங்கள் பகுப்பைத் திருத்திவிட்டார். இரண்டாம் இயலிலிருந்து 2,000 எடுத்து ஐந்துக்குக் கொடுங்கள். ஐயனார் 7,000, சங்கிலி பூதத்தார் 9,000. தலைப்பையும் "சங்கிலி பூதத்தாரும் மாடன்மாரும்" என்று மாற்றுங்கள். மொத்தம் 58,000 அப்படியே நிற்கும். ஆனால் இப்போது இந்த இயலும் ஆடிக் களத்தைச் சார்ந்துவிட்டது. ஆடியில் இரண்டு இயலுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி வினாநிரலை ஜூன் மாதமே எழுதி வையுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

நான் முன்பு சொன்ன, ஐந்தை நாலுக்குள் சேர்த்துவிடலாம் என்ற யோசனையை இனி எளிதாக எடுக்க முடியாது. வேண்டுமென்றால் முதல் இயலைச் சுருக்குங்கள். ஜமீன் பகுதி முழுக்க வேண்டுமா என்று பாருங்கள். கடைசியாகப் பட்டம் சூடிய சிங்கம்பட்டி ராஜா 2020இல் காலமானார். ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் வந்து அமர்ந்த வழக்கம் அவருக்குப் பின் கோயிலில் எப்படி நினைவுகூரப்படுகிறது என்பதை மட்டும் எழுதினாலும் தகும். மாஞ்சோலைக் குத்தகைக் கதைக்குள் போய்விடாதீர்கள், அது பெரிய கதை, இந்த ஆய்வேட்டுக்கு வேண்டாத கதை.

நெல்லைச்சீமை

கால்டுவெல் 1849இலேயே இந்தச் சீமையின் மாடன், பூதம் எல்லாவற்றையும் பேய் வழிபாடு என்று எழுதிவைத்திருக்கிறார். முந்தைய ஆய்வுகள் என்று தனி இயல் வைத்து அதை மறுக்க வேண்டாமா? முன்னுரையில் நாலாயிரம் சொல்லுக்குள் அது அடங்காது.

பழையபேட்டை வாத்தியார்

இது நல்ல கேள்வி, இதில் எனக்கே இரண்டு எண்ணம் உண்டு. தனி இயல் வைத்தால் நூல் நூலாகச் சுருக்கம் சொல்லிக்கொண்டு போவார்கள், அதற்குப் பயந்துதான் முன்னுரைக்குள் அடக்கினேன். ஆனால் கால்டுவெல்லை ஐந்தாம் இயலில் சங்கிலி பூதத்தார் பக்கத்தில் வைத்துப் பேசினால், அவர் பேய் என்றதை ஏரல் தம்பி குடும்பம் எப்படிச் சாமி என்கிறது என்பது நேருக்கு நேர் வரும். நான் அங்கே வைப்பேன். உங்கள் நெறியாளர் தனி இயல்தான் வேண்டும் என்றால் 5,000க்குள் வையுங்கள், வேறு எங்காவது குறைத்துக்கொள்ளுங்கள்.

குறிச்சி டி.டி.பி.

இன்னும் ரெண்டு தடவை இயல் மாறும் போலிருக்கு. அக்கா, இயல் எண்ணைக் கையால் அடிக்காமல் வேர்டில் ஹெடிங் ஸ்டைல் வைத்து அடியுங்கள். இயலை முன்னே பின்னே மாற்றும்போது எண்ணும் பொருளடக்கமும் தானே மாறிக்கொள்ளும். ஒவ்வொரு இயலுக்கும் தனிக் கோப்பு, கோப்பின் பெயரில் தேதி. பாமினியில் அடித்ததை அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். எழுத்துப் பிழை நீங்கள்தான் பார்க்கணும்.

கலா_அம்பை

அனுப்புகிறேன் அண்ணாச்சி. நேற்று நெறியாளரைப் பார்த்தேன். 58,000க்கும் அட்டவணைக்கும் தலையாட்டினார். முந்தைய ஆய்வுகள் தனி இயலாக வேண்டும் என்கிறார், அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பெரிய சிக்கல் வேறு. மூன்றாம் இயலில் நான் "பெண்களின் பிறப்பு: இரு வடிவங்கள்" என்று உள்தலைப்பு வைத்திருந்தேன். அதைக் "கதையின் மாற்று வடிவங்கள்" என்று பொதுவாக வைக்கச் சொல்கிறார். பிறப்பு என்று பொருளடக்கத்திலேயே வந்தால் பாடிக் கொடுத்த புலவருக்கும் கோயிலில் பழகிய குடும்பங்களுக்கும் சங்கடம் வரும் என்பது அவர் எண்ணம். எனக்கோ அந்தத் தலைப்பை மறைத்தால் 4,000 சொல்லும் எதற்காக என்றே தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

பழையபேட்டை வாத்தியார்

தலைப்பு பொதுவாக இருந்தால் குற்றமில்லை, முதல் பத்தியிலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டால் போதும். பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கலா_அம்பை

இல்லை ஐயா. அடுத்த வாரம் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு கொடைக்குப் பாட வருகிறார், அங்கே போய்க் கேட்கிறேன்.

ஏரல்காரன்

கேளுங்க. ஆனா ஒண்ணு, அவர் பாடுற வடிவத்தைத்தான் எங்க பக்கம் எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு இல்ல. எங்க ஆச்சி சொல்ற கதை வேற. ஆடிக்கு வரும்போது அவங்ககிட்டயும் உட்காருங்க, அவங்க மத்தியானம் தூங்கி எழுந்த பெறகுதான் பேசுவாங்க.